ஆறு மாதச் சாவி: சாக்கா, சமாளிப்பா, நேர் மறுப்பா?

எதிர்வீட்டு அக்காவும் அண்ணனும் மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் கிளம்பினார்கள். விசிட்டர் விசாவில் போகிற பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அதில் ஒருநாள்கூடக் குறைக்காமல் இருந்துவிட்டுத்தான் வருவார்கள். செப்டம்பர் கடைசியில் டிக்கெட். "வீட்டை நீதாம்மா பாத்துக்கணும். பெருசா ஒண்ணும் இல்ல, அப்பப்ப ஒரு எட்டு வந்து பாத்தா போதும்" என்றார் அக்கா.

அந்த "ஒரு எட்டு" எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பால்கனியில் 20 தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்றால் ஆறு மாதத்தில் 90 தடவை கதவைத் திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை வேலை செய்யும் அம்மா வந்து கூட்டும்போது கூடவே நிற்க வேண்டும். போதாததற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை. முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

எல்லோருக்கும் முதலில் நாக்கில் வருவது சாக்கு. "எனக்கு முதுகு வலி, குனிஞ்சு நிமிர முடியல." இதில் ஒரு கோளாறு உண்டு. சாக்கு என்பது எதிராளிக்கு நாம் கொடுக்கிற கணக்கு. அவர்கள் அதற்கு விடை கண்டுபிடித்துவிடுவார்கள். "சரி, செடிக்கு வேலைக்கார அம்மா தண்ணி ஊத்தட்டும், நீ சாவி மட்டும் எடுத்துக் கொடு" என்பார்கள். இப்போது நிலைமை முன்பைவிட மோசம். உள்ளே போய் வருவது இன்னொருவர், பொறுப்பு மட்டும் நம்முடையது.

அதன் எடை எனக்குத் தெரியும். முன்பு குடியிருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மாதம் ஊருக்குப் போனபோது இப்படித்தான் சாவி வாங்கி வைத்தேன். திரும்பி வந்த மறுநாள், "பூஜை ரூம்ல இருந்த வெள்ளிக் காமாட்சி விளக்கைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, ஊருக்குக் கொண்டுபோன பையிலேயே புடவைக்கு நடுவில் விளக்கு இருந்தது. சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். அந்த நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது வழி, "பார்க்கலாம்க்கா." இது மறுப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்டவர் காதில் அது "சரி" என்றுதான் விழும். வேறு ஏற்பாடு தேட மாட்டார்கள். கிளம்புகிற அன்று இரவு 10 மணிக்கு, கீழே டாக்சி நிற்கும்போது, சாவிக்கொத்து நம் கைக்கு வரும். சாக்குச் சொல்பவரைவிடப் "பார்க்கலாம்" சொல்பவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார் என்பேன்.

மூன்றாவது, முகத்துக்கு நேராக "முடியாது." சுத்தமான வழிதான். ஆனால் வீடு விஷயத்தில் எனக்கு இது முழுதாகச் சரிப்படவில்லை, காரணம் தாட்சண்யம் அல்ல. அடுக்குமாடியில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு குழாய் உடைந்தால் நனைவது கீழ்வீட்டுக் கூரை. கட்டிடத்துக்குள் யாரிடமாவது ஒரு சாவி இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே நான்காவது: அவசரத்துக்குச் சாவி உண்டு, அன்றாட வேலை கிடையாது. டிக்கெட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே போய்ச் சொன்னேன்: "அக்கா, ஆறு மாசம் வீட்டைப் பாத்துக்க என்னால முடியாது. தண்ணி ஒழுகுது, ஷாக் அடிக்குதுன்னா திறக்க ஒரு சாவி வெச்சுக்கறேன். செடி, கார், கூட்டறது எதுவும் என்கிட்ட வேண்டாம்." ஏன் என்று கேட்டார். "ஒத்து வராதுக்கா" என்றேன். காரணத்தை விரித்திருந்தால் அது மறுபடி சாக்காகியிருக்கும். முகம் கொஞ்சம் சுருங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த வழி பலிக்க வேண்டுமானால் வீட்டை ஆள் பார்க்கத் தேவையில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்களோடு இருந்தேன். ஃபிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவு மூடாதபடி ஒரு துணியைச் சுருட்டி வைத்தோம். வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வையும் கேஸ் ரெகுலேட்டரையும் மூடினோம். காரை வாரம் ஐந்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுவதால் பேட்டரி பெரிதாக ஏறாது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைப்பது மேல். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், அதை டல்லாஸிலிருந்தே கட்டலாம். நகை பேங்க் லாக்கருக்குப் போனது. வீடு பூட்டியிருக்கும் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள். அண்ணன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பலரும் விட்டுவிடுவது பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி. அதற்கடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. சில வாரத்தில் அது வற்றிவிடும். மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் ஆவியாவது குறையும். அதோடு ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து ஓட்டையை மூடினோம். தொட்டிகளில் பாதி மொட்டைமாடிக்கு, பாதி அக்காவின் தங்கை வீட்டுக்கு.

சாவியை உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். திறந்தால் வீடியோ காலில்தான் திறப்பேன் என்பது பேச்சு.

இதே நான்கு வழிகளைக் குழந்தை விஷயத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. மூன்றாம் மாடியில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பையன் ஒன்றாம் வகுப்பு. மூன்றரைக்கு வேன் வரும், அவர்கள் வர ஏழாகும். "புது ஆயா கிடைக்கற வரைக்கும்" என்றார்கள். அங்கேயும் பாதி ஒப்புக்கொண்டேன், வாரத்துக்கு இரண்டு நாள் என்று. அதுதான் தப்பு. வீட்டுக்கு எல்லை போட்டால் சுவர் கோபித்துக்கொள்ளாது. பிள்ளைக்குச் செவ்வாயும் வியாழனும் புரியுமா? புதன்கிழமையும் வேன் என் வாசலில்தான் இறக்கிவிட்டது. பள்ளி டைரியில் என் நம்பர் ஏறிவிட்டது. ஒருநாள் உடம்பு கொதித்தது; அம்மாவுக்கு மீட்டிங், போன் எடுக்கவில்லை. காய்ச்சல் மருந்து அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, அவன் எடை எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே முதல் நாளே முழுசாக "முடியாது" என்றிருக்க வேண்டும். இல்லையென்றால் "இந்த மாதம் 30 வரைக்கும்" என்று தேதி வைத்திருக்க வேண்டும். நடுவில் விலகினபோது பெற்றோர் சமாளித்துக்கொண்டு கிரஷில் சேர்த்துவிட்டார்கள். பையன்தான் ஒரு வாரம் என்னைப் பார்த்தால் பேசாமல் போனான்.

எதிர்வீட்டு உறையை ஒரே ஒருமுறை பிரித்தேன். நவம்பரில் விடாமல் பெய்த ஒரு ராத்திரி, கீழ்வீட்டுக்காரர் ஹால் சீலிங்கில் ஈரம் என்றார். டல்லாஸில் அப்போது காலை. அக்காவைத் திரையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். பால்கனி ஜாலியில் புறா வலையின் ஒரு துண்டும் காய்ந்த துளசிச் சருகும் அடைத்து, தண்ணீர் ஹாலுக்குள் நின்றது. கையை விட்டு இழுத்ததும் கடகடவென்று இறங்கியது. "அந்தப் பக்கம் அலமாரியைக் காட்டு, நனைஞ்சிருக்கா?" என்றார் அக்கா. காட்டினேன். பூட்டிவிட்டு வந்து, புது உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் இந்த முறை கீழ்வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.