ரீச்சைப் பெருக்குவதா, செலவைக் குறைப்பதா? ஒரே விளம்பர பட்ஜெட்டுக்கு மூன்று கணக்குகள்

விளம்பரப் பணத்தை ஊடகங்களுக்குப் பிரிக்க நேரியல் மாதிரி போடும்போது பெரும்பாலோர் யோசிக்காமல் கடந்துவிடும் முடிவு ஒன்று உண்டு. எதை உச்சமாக்குகிறோம், எதைக் கட்டுப்பாடாக வைக்கிறோம் என்பதுதான் அது. அதே எண்களை வைத்தே மூன்று விதமாகக் கணக்குப் போடலாம், மூன்றும் மூன்று விடை தரும். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டே பார்த்துவிடுவோம்.

மொத்தப் பணம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு செலவழித்தால் டிவி 6 ஆயிரம் இளையோரையும் 10 ஆயிரம் மூத்தோரையும் எட்டுகிறது. வானொலி 4-ம் 5-ம், செய்தித்தாள் 1-ம் 9-ம், இணைய வீடியோ 11-ம் 2-ம். டிவிக்கு 50 பங்குக்கு மேல் போகக்கூடாது, வானொலிக்கும் செய்தித்தாளுக்கும் தலா 30, இணையத்துக்கு 40. இலக்கு, இளையோரில் 600 ஆயிரம், மூத்தோரில் 740 ஆயிரம்.

முதல் வழி, தரவரிசை. பலரும் கையில் செய்வது இதைத்தான். ஒரு பங்குக்கு யார் அதிகம் பேரைத் தருகிறார் என்று வரிசைப்படுத்தி, மேலிருந்து உச்சவரம்பு வரை நிரப்பிக்கொண்டே வருவது. டிவி 50, இணையம் 40, மிச்சம் 10 செய்தித்தாளுக்கு. மொத்தம் 1420 ஆயிரம். பட்ஜெட்டும் உச்சவரம்புகளும் மட்டுமே இருந்தால் இதைவிட நல்ல விடையை எந்த மென்பொருளும் தராது, அதனால் இந்த வழியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மூத்தோரை எண்ணிப் பாருங்கள், 670 ஆயிரம்தான். இலக்கில் 70 ஆயிரம் குறைகிறது. குழுவாரியாக இலக்கு வந்த உடனே தரவரிசை தடுமாறிவிடும், ஏனென்றால் எந்த ஊடகத்தைக் குறைத்து எதைக் கூட்டுவது என்பதை அது சொல்வதில்லை.

இரண்டாவது வழி, பட்ஜெட்டைக் கட்டுப்பாடாக வைத்து ரீச்சை, அதாவது எட்டும் ஆட்களின் மொத்த எண்ணிக்கையை, உச்சமாக்குவது. T டிவி, R வானொலி, N செய்தித்தாள், D இணையம்:

```
max 16T + 9R + 10N + 13D
T + R + N + D <= 100
6T + 4R + N + 11D >= 600
10T + 5R + 9N + 2D >= 740
T <= 50, R <= 30, N <= 30, D <= 40
T, R, N, D >= 0
```

விடை, டிவி 50, இணையம் 30, செய்தித்தாள் 20, வானொலி 0. மொத்தம் 1390. அதாவது இணையத்திலிருந்து 10 பங்கை எடுத்துச் செய்தித்தாளில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு பங்கு மாறும்போதும் மூத்தோர் 7 ஆயிரம் கூடுகிறார்கள், மொத்தத்தில் 3 ஆயிரம் குறைகிறது. மூத்தோர் இலக்கால் நமக்கு மொத்தத்தில் 30 ஆயிரம் பேர் குறைந்தார்கள் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

இந்த வழியின் உண்மையான பலன் விடையோடு வரும் நிழல் விலைகளில்தான், அதாவது ஒரு கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் விடை எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்களில்தான். பட்ஜெட்டில் இன்னொரு பங்கு கிடைத்தால் 13.86 ஆயிரம் பேர் கூடுவார்கள். டிவி உச்சவரம்பை ஒரு பங்கு தளர்த்தினால், பட்ஜெட் ஏறாமலே, 6.43 ஆயிரம் கூடும். உச்சவரம்பு யாரோ பழைய வழக்கப்படி வைத்த எண் என்றால், அதைப் பற்றிப் பேச இந்த 6.43 போதும். எக்ஸெலின் சால்வரில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சவரம்பை மாறியின் கலத்துக்கே நேரடி எல்லையாகக் கொடுத்தால் இந்த எண் `Shadow Price` பத்தியில் வராது, `Reduced Cost` பத்தியில்தான் இருக்கும். முதல் முறை நான் இதை அரை நாள் தேடினேன்.

மூன்றாவது வழி இதைத் திருப்பிப் போடுவது. இலக்குகளும் உச்சவரம்புகளும் அப்படியே இருக்க, மொத்தச் செலவைக் குறைக்கச் சொல்வது. இப்போது டிவி 50, இணையம் 25.36, செய்தித்தாள் 21.03. செலவு 96.39 பங்கு. இரண்டு இலக்கும் சரியாக எட்டப்படுகின்றன, ஓர் ஆள்கூட அதிகமில்லை. மொத்தம் 1340. இரண்டாவது வழியோடு ஒப்பிட்டால் 3.61 பங்கு மிச்சம், 50 ஆயிரம் பேர் இழப்பு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அதே 13.86 வருகிறது. ஆக இரண்டும் ஒரே நேர்கோட்டின் இரு முனைகள். அந்த 3.61 பங்கை வேறெங்காவது போட்டால் ஒரு பங்குக்கு 13.86 ஆயிரம் பேருக்கு நிகரான பலன் வருமா என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் இலக்கு எட்டவே முடியாததாக இருக்கும்போது இரண்டும் ஒன்றல்ல. மூத்தோர் இலக்கை 800 ஆக்கிப் பாருங்கள். இரண்டாவது வழி `Solver could not find a feasible solution.` என்று சொல்லி நின்றுவிடும். எவ்வளவு குறைகிறது என்று சொல்லாது. மூன்றாவது வழி 102.58 பங்கு ஆகும் என்று சொல்கிறது. கேட்டவரிடம் "முடியாது" என்பதற்கும் "இன்னும் 2.58 பங்கு கொடுங்கள், முடியும்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இலக்குகள் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும் கட்டத்தில் நான் எப்போதும் மூன்றாவதைத்தான் முதலில் ஓட்டுவேன். பட்ஜெட் கையெழுத்தான பிறகு இரண்டாவது.

சரி, இப்போது மாதிரியின் பலவீனத்துக்கு வருவோம். நாம் கூட்டிய ரீச்சில் ஒரே ஆள் டிவியிலும் பார்த்து இணையத்திலும் பார்த்தால் இரண்டு பேராகிறார். இன்னொன்று, இணையத்தில் 40-ஆவது பங்கும் முதல் பங்கைப் போலவே புதிய ஆட்களைத் தரும் என்று மாதிரி நம்புகிறது. நடைமுறையில் அதே ஆட்களிடம்தான் திரும்பத் திரும்பப் போகும். 1960-களின் தொடக்கத்தில் பிபிடிஓ போன்ற விளம்பர நிறுவனங்கள் இந்த முறையைக் கையில் எடுத்தபோதே வந்த குறைபாடு இது. இரண்டாவது சிக்கலுக்கு எளிய மருந்து உண்டு. இணையத்தை இரண்டு மாறிகளாக உடையுங்கள். முதல் 20 பங்குக்கு 11-ம் 2-ம், அடுத்த 20-க்கு 7-ம் 2-ம் என்று வையுங்கள். பலன் குறைந்துகொண்டே போவதால் மாதிரி தானாகவே முதல் துண்டை முதலில் நிரப்பும், முழு எண் மாறிகள் தேவைப்படாது. பலன் முதலில் ஏறிப் பிறகு இறங்கும் ஊடகத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே இரண்டாம் துண்டையே முதலில் எடுத்துக்கொண்டு ஏமாற்றும்.

உடைத்தபின் ஓட்டினால் இரண்டாவது வழியின் பங்கீடு அதிகம் மாறவில்லை. இணையம் 28.33, செய்தித்தாள் 21.67, டிவி அதே 50. ஆனால் உள்ளே எல்லாம் மாறிவிட்டது. முன்பு மூத்தோர் இலக்கு இறுக்கமாக இருந்தது, இப்போது இறுகுவது இளையோர் இலக்கு. கடைசிப் பங்கின் மதிப்பு 13.86-லிருந்து 10.17 ஆகிவிட்டது. மூன்றாவது வழியில் செலவு 98.85, அதாவது மிச்சமாகும் என்று நினைத்த 3.61 பங்கு 1.15 ஆகச் சுருங்கிவிட்டது. அந்த மிச்சத்தை வேறு திட்டத்துக்கு ஒதுக்கி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், திருத்திய கணக்கோடு மறுபடி போய் நிற்க வேண்டியதுதான்.