குட்டியா, வளர்ந்த நாயா: பத்தரை மணி நேரக் கணக்கு

நாய் வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்த வயது நாய் என்பதில்தான் பேச்சு இரண்டு மாதம் இழுத்தது. கணவருக்குக் கைக்குள் அடங்கும் குட்டி வேண்டும். எனக்கு, காப்பகத்தில் இருக்கும் இரண்டு மூன்று வயது நாட்டு நாய். நடுவில் அத்தை, "பூனை என்றால் விடியற்காலையில் யாரும் எழுந்து ஓட வேண்டாமே" என்றார். நியாயம்தான். ஆனால் பூனைமுடி பட்டால் கணவருக்கு மூச்சு இழுக்கும், அதனால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

சென்னையில் மூன்றாம் மாடி வீடு. வாரத்தில் மூன்று நாள் இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறோம். பத்தரை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அது சிறுநீரை அடக்கும் நேரம் தோராயமாகத் தெரியும். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். சாப்பாடும் நாளுக்கு நான்கு வேளை, அதில் இரண்டு வேளை நாங்கள் இல்லாத பொழுதில். வீட்டு வேலைக்கு வரும் அக்கா மதியம் ஒரு மணிக்கு வருகிறார். குட்டிக்கு அந்த ஒரு வருகை போதாது. வளர்ந்த நாய்க்கு இரு வேளைச் சாப்பாடுதான், மதியம் ஒருமுறை கீழே இறக்கிவிட்டால் சமாளித்துவிடும். சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டியதும் அக்கா ஒப்புக்கொண்டார்.

குட்டி பக்கம் இன்னொரு சிக்கல், இவர் எதிர்பாராதது. ஆறு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அந்த வரிசை முடியும் வரை தெருவில் இறக்கக் கூடாது. பார்வோ கிருமி தெருமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிடித்தால் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடலாம். ஆக, முதல் இரண்டு மாதம் பால்கனியில் செய்தித்தாள் விரித்துத் துடைக்கும் வேலைதான். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு யார் பார்ப்பது என்று கேட்டேன். பதில் இல்லை.

வளர்ந்த நாயிலும் குறை உண்டு. அதன் பழைய கதை நமக்குத் தெரியாது. துடைப்பத்தைக் கண்டால் நடுங்கலாம், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டலாம். வந்த முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும் சகஜம், அதைப் பார்த்துப் பயந்து திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு உயரம் வளரும், குழந்தைகளிடம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் கண்முன் தெரியும். பெரும்பாலும் கருத்தடையும் முடிந்திருக்கும். காப்பகத்தில் சோறு வைப்பவரிடம் "இதைத் தனியாக விட்டால் என்ன செய்யும்?" என்று கேட்டால், அழகை ரசித்து அறிய முடியாதது தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் ஓர் ஒத்திகை பார்த்தோம். பதினான்கு நாள், நாயே இல்லாமல், காலை ஐந்தரைக்கு எழுந்து அரைமணி நேரம் நடக்க வேண்டும், இரவு ஒன்பதரைக்கும் ஒரு நடை. சென்னையில் வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுடும். நான் பதின்மூன்று நாள் எழுந்தேன். இவர் நான்கு நாள். ஆனால் இரவு ஒன்பதரை நடையை இவர் ஒரு நாளும் விடவில்லை. குட்டி ஆசை அங்கேதான் கரைந்தது என்று நினைக்கிறேன், வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.

வேலைப் பங்கீட்டிலும் இரண்டு வழிகள் இருந்தன: ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைப்பது, அல்லது வேலையை ஆளுக்கு ஆள் பிரிப்பது. முறை வைப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் நேற்று பாதிச் சோறு மிஞ்சியதை நான் பார்த்திருப்பேன், இன்று மிஞ்சியதை இவர். தொடர்ந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பது இருவருக்கும் தெரியாமல் போகும். உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் தொடங்கும்: சோர்வு, பசியின்மை, பிறகு வெளுத்த ஈறு. அதனால் சாப்பாடும் காலை நடையும் முழுக்க என் பொறுப்பு. இரவு நடையும், திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கில் உண்ணி தேடுவதும், மாதாந்திர உண்ணி மருந்தும் இவருடையது. தடுப்பூசித் தேதியும், அந்தச் சான்றை வைத்து வாங்கும் மாநகராட்சி உரிமமும் இவர் கணக்கிலேயே. ஒருவர் ஊருக்குப் போனால்தான் மற்றவர் கை மாறும். அப்போது சோறு வைத்ததும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் நேரம் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் உதவிக்கு வரும் அத்தையிடம் நாய் வாலாட்டியே இரண்டாவது முறை வாங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டரை வயதுப் பழுப்புப் பெட்டை ஒன்று வருகிறது, முதலில் இரண்டு வாரம் தற்காலிக வளர்ப்பாக. புதன்கிழமை கழுத்துப்பட்டை வாங்கிவந்தார் இவர். குட்டி அளவு. மாற்றக் கடைக்குப் போக வேண்டும்.