செராமிக் கேஸா, ஸ்டீல் கேஸா: கீறல், சில்லு, ரிப்பேர்

செராமிக் வாட்ச்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "கீறலே விழாது" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் எந்தக் கடினத்தன்மை கீறலைத் தடுக்கிறதோ, அதே கடினத்தன்மைதான் அடிபட்ட பிறகு ரிப்பேர் செய்யவும் விடாமல் தடுக்கிறது. வாங்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு டியூடர் நிறுவனத்தின் இரண்டு வாட்ச்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2021இல் வந்த பிளாக் பே செராமிக். மற்றொன்று 2023இல் வந்த 41 மி.மீ. ஸ்டீல் பிளாக் பே. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே சாயல். இரண்டுமே 200 மீட்டர் வரை நீர் தாங்கும். உள்ளே இருக்கும் இயந்திரமும் ஒரே குடும்பம். அதனால் இயந்திரத்தை மூடியிருக்கும் வெளிக்கூடான கேஸ் எதனால் ஆனது என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இந்த ஜோடி வசதியாக இருக்கிறது.

முதலில் கீறல். ஒரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமான இன்னொரு பொருள் வேண்டும். வாட்ச் கேஸ்களில் அதிகம் பயன்படும் 316எல் ஸ்டீலின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 150 முதல் 200 வரை இருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகளுக்கு அது 1000க்கு மேல். காற்றில் பறக்கும் தூசி, சுவரின் சிமென்ட் பூச்சு, சமையல் மேடையின் கிரானைட் என எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் உண்டு. அதனால் ஸ்டீல் வாட்ச்சை எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும் சில வாரங்களில் மெல்லிய கோடுகள் விழத்தான் செய்யும். பளபளப்பான பக்கங்களில் அவை சீக்கிரம் தெரியும். பிரஷ் செய்த பக்கங்களில் ஏற்கெனவே கோடுகள் இருப்பதால் கொஞ்சம் மறைந்திருக்கும்.

செராமிக் கேஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஸிர்கோனியம் டைஆக்சைடு. பல் டாக்டர்கள் கட்டும் ஸிர்கோனியா பல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தூளை அச்சில் அழுத்தி, 1400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். சுடும்போது அது கணிசமாகச் சுருங்கும் என்பதால் அச்சைப் பெரிதாகவே செய்ய வேண்டும். சுட்டு முடித்த பிறகு அதன் கடினத்தன்மை 1200 விக்கர்ஸைத் தாண்டிவிடும். குவார்ட்ஸால் அதை எளிதில் ஒன்றும் செய்ய முடியாது. உப்புத்தாளில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு, சபையர் கண்ணாடி, வைரம் போன்றவைதான் அதைக் கீறும். அன்றாடம் கையில் கட்டிக்கொண்டு போகும் இடங்களில் இவற்றோடு உரசுவது அபூர்வம். நிறமும் மேல்பூச்சு அல்ல, உள்ளே வரை அதே கறுப்புதான். ஆகவே பிவிடி எனப்படும் மெல்லிய மேல்படலப் பூச்சு போட்ட கறுப்பு ஸ்டீலைப் போல ஓரங்கள் தேய்ந்து வெள்ளி நிறம் எட்டிப்பார்க்காது.

ஆனாலும் செராமிக் வாட்ச் வைத்திருப்பவர்கள் பலர் "கீறல் விழுந்துவிட்டது" என்று பதறுவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது கீறலாக இல்லாமல் ஒட்டிக்கொண்ட உலோகமாக இருக்கலாம். மென்மையான உலோகம் செராமிக்கில் உரசும்போது தேய்வது உலோகம்தான். அதன் துகள் செராமிக்கின் மேல் படிந்துவிடுகிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அது வெறும் படிவு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்: கீறல் பள்ளமாக இருக்கும், படிவு மேடாக இருக்கும். பட்டை மாற்றும் கருவி பட்ட இடங்களில் இது அதிகம்.

இரண்டாவது காரணம், செராமிக் வாட்ச்சில் எல்லாமே செராமிக் இல்லை என்பது. பிளாக் பே செராமிக்கில் நடுக்கேஸ் செராமிக். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசலில், எண்கள் பொறித்த வட்டத் தட்டும் செராமிக். ஆனால் அந்தத் தட்டைத் தாங்கும் பெசல் வளையமும், சாவி கொடுக்கும் திருகும், பின்மூடியின் சட்டமும் கறுப்பு பிவிடி பூசிய 316எல் ஸ்டீல்தான். கதவு நிலையில் முதலில் இடிப்பது பெசல் விளிம்பு. அடிக்கடி விரலும் நகமும் படுவது திருகு. அங்கே கறுப்பு உதிர்ந்து ஸ்டீல் தெரிய வாய்ப்பு உண்டு. எந்த மாடலானாலும் வாங்கும் முன் உதிரி விவரப் பட்டியலைப் படித்து, எந்தெந்தப் பாகம் நிஜமாகவே செராமிக் என்று பாருங்கள். "செராமிக் வாட்ச்" என்ற பெயருக்குள் நிறைய அடங்கும்.

அடுத்து சில்லு. இங்கே கதை தலைகீழாகிறது. செராமிக் கண்ணாடிபோல நொறுங்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மிகை. வாட்ச்சுக்குப் பயன்படும் ஸிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்திருக்கும். அதன் பயன் அழகானது. ஒரு விரிசல் உள்ளே நகரத் தொடங்கியதும், அதன் முனையில் இருக்கும் படிகங்கள் அங்கே உண்டாகும் இழுவிசையால் வேறு வடிவத்துக்கு மாறி, சுமார் நான்கு சதவீதம் பருமனாகின்றன. பருமனான படிகங்கள் விரிசலை இருபக்கமும் நெருக்கி மேலே போகவிடாமல் தடுக்கின்றன. அதனால் விரிசலைத் தாங்கும் திறனில் ஸிர்கோனியா கண்ணாடியைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஸ்டீல் அதையும் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. காரணம், ஸ்டீல் வளைந்து கொடுக்கும், ஸிர்கோனியா வளையாது.

100 கிராம் எடையுள்ள வாட்ச் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜூல். பெரிய எண் இல்லை. ஆனால் அது முழுவதும், பட்டையைப் பிடித்திருக்கும் லக் எனப்படும் காதின் நுனியில், ஓர் ஊசிமுனை இடத்தில் போய் இறங்கலாம். ஸ்டீல் லக் அந்த இடத்தில் நசுங்கும். நசுங்குவதிலேயே ஆற்றல் செலவாகிவிடும். மிச்சம் ஒரு பள்ளம். செராமிக் லக் நசுங்காது. அடி மழுங்கலான இடத்தில் பட்டால் ஒன்றுமே ஆகாமல் தப்பித்துவிடும், அப்படித் தப்பிப்பதும் சகஜம்தான். கூரான விளிம்பில் பட்டால் ஒரு சில்லு பெயரும். மெல்லிய இடத்தில் பட்டால் லக்கே உடைந்து விழலாம்.

அதாவது ஸ்டீலுக்குச் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. செராமிக்குக்கு வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல், ஒரே நாளில் ஆகிவிடுகிறது. சில்லு பெயரும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்த இடங்கள்தான்: லக் நுனி, கேஸின் கூரான விளிம்பு, பட்டை பின் நுழையும் துளையின் வாய். துளையில் அளவு பொருந்தாத பின்னைத் திணிப்பது, கீழே விழாமலேயே சில்லு உண்டாக்கும் வழி. பட்டை மாற்றும்போது அவசரம் கூடாது.

செராமிக் வாட்ச் கீழே விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று உடனே நிம்மதி அடைய வேண்டாம். லக் கேஸோடு சேரும் அடிப்பகுதியையும் பட்டைத் துளைகளைச் சுற்றியும் லென்ஸ் வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முடி போன்ற ஒரு கோடு இருந்து, ரப்பரால் தேய்த்தும் போகவில்லை என்றால் அது விரிசலாக இருக்கலாம். தண்ணீரில் இறங்கும் முன் சர்வீஸ் சென்டரில் அழுத்தச் சோதனை செய்துவிடுவது நல்லது. ஸ்டீல் வாட்ச் பலமாக விழுந்தாலும் இந்தச் சோதனை தேவைதான், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது திருகும் கண்ணாடியும். கேஸில் விரிசல் விழாது.

இனி ரிப்பேர். என் கணக்கில் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டீல் பிளாக் பேயின் லக் நுனியில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. நல்ல கைகாரர் என்ன செய்வார்? இயந்திரத்தையும் பெசலையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு வெறும் கேஸை எடுப்பார். லேசர் வெல்டிங்கில் மெல்லிய 316எல் கம்பியைச் சொட்டுச் சொட்டாக உருக்கிப் பள்ளத்தை நிரப்புவார். பிறகு அரத்தால் மட்டமாக்கி, தட்டையான லேப்பிங் சக்கரத்தில் பழைய கோணத்தை மீட்பார். கடைசியாக மேல்பக்கத்துக்குப் பிரஷ் கோடுகளும் பக்கவாட்டுக்குப் பளபளப்பும் கொடுத்து, ரப்பர் வளையங்களை மாற்றி, நீர்ச் சோதனை செய்து தருவார். நன்றாகச் செய்தால் அடிபட்ட இடமே தெரியாது.

எல்லாக் கடைகளிலும் இது கிடைக்காது. துணிச் சக்கரத்தில் கேஸை அழுத்திப் பிடித்து மினுக்கித் தருவதுதான் பல இடங்களில் "பாலிஷ்". அதில் கீறல் போகும், கூடவே உலோகமும் போகும். பக்கங்கள் சந்திக்கும் கூர்விளிம்பு மழுங்கிவிடும். அப்படி ஆனதைக் கண்டுபிடிப்பது எளிது: விளிம்பில் ஒளி நேர்கோடாக ஓடாமல் கலங்கித் தெரியும், நான்கு லக்குகளும் ஒரே பருமனாக இருக்காது. ஸ்டீலை எண்ணற்ற முறை பாலிஷ் செய்ய முடியாது. சின்னக் கோடுகளை அப்படியே விட்டுவிட்டு, பெரிய அடிக்கு மட்டும் கைகாரரிடம் போவதே சரி.

இதே அடி பிளாக் பே செராமிக்கில் பட்டு சில்லு பெயர்ந்தால், நிரப்ப வழியில்லை. செராமிக்கை உருக்கி ஒட்டவைக்கும் வெல்டிங் எந்த வாட்ச் கடையிலும் கிடையாது. கறுப்பு எபாக்சி வைத்து அடைக்கலாம், அது கண்துடைப்புதான். பளபளப்பும் பொருந்தாது, நாளடைவில் உதிரவும் கூடும். கையைக் கீறும் கூர்முனையை வைரப் பசையால் மழுக்கலாம். ஆனால் இந்த மாடலின் கேஸ் பளபளப்பு இல்லாத, நுண்துகள் அடித்த மேற்பரப்பு. தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்துத் தனியாகக் காட்டிக்கொடுக்கும். முறையான ஒரே வழி நடுக்கேஸை மாற்றுவது. இயந்திரம், கண்ணாடி, பெசல், திருகு எல்லாம் புதுக் கேஸுக்கு இடம்பெயர வேண்டும். அதை உற்பத்தியாளரின் சர்வீஸ் வழியாகத்தான் செய்ய முடியும், வெளிக்கடைக்குச் செராமிக் கேஸ் கிடைப்பது அரிது. தவறி விழுந்த சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்காது என்பதால் முழுச் செலவும் நம் தலையில்தான். மாடல் நின்றுபோய்ப் பல வருடம் ஆன பிறகு அந்தக் கேஸ் கையிருப்பில் இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. ஸ்டீலுக்கு அந்தக் கவலை இல்லை, வெல்டிங் கம்பி எப்போதும் கிடைக்கும்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. ஜெர்மனியின் ஸின் நிறுவனம் டெகிமென்ட் என்ற பெயரில் ஸ்டீலின் மேல்தோலை மட்டும் கடினப்படுத்துகிறது. சிட்டிசனின் டியூராடெக்ட்டும் அந்த நோக்கத்தில் செய்வதே. அன்றாடக் கீறல்களை இவை நன்றாகத் தாங்கும், உள்ளே உலோகம் என்பதால் உடையாது. ஆனால் பலமாக அடிபட்டால் மேல்தோலோடு உள்ளே அமுங்கும். அதைப் பாலிஷ் செய்தால் கடினமான தோலே போய்விடும். இங்கேயும் கடினம் கூடக்கூட ரிப்பேர் குறைகிறது.

வேலை மேசையில், கணினி முன்னால், பட்டறை பக்கம் போகாதவர். வாட்ச்சில் கோடு விழுந்தால் மனசு கேட்காதவர். வைத்திருப்பது பல வாட்ச்களில் ஒன்று. இவர் செராமிக் வாங்கலாம், பல வருடம் புதிதாகவே இருக்கும். வைத்திருப்பது ஒரே வாட்ச், அதையே பைக்கிலும் கிரவுண்டிலும் கட்டுகிறார், பிறகு பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கிறார் என்றால் நான் தயங்காமல் ஸ்டீலைத்தான் சொல்வேன். பழைய வாட்ச் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கீறல் விழுந்த ஸ்டீலைத் திருத்திக்கொள்ளலாம். சில்லு பெயர்ந்த செராமிக்கை வாங்குவதாக இருந்தால், விலை பேசுவதற்கு முன்னால் சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு, அந்த மாடலின் நடுக்கேஸ் இப்போது கிடைக்கிறதா, மாற்ற என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.