தானாகப் பதிவேற்றும் மாதத் தொகுப்பு: ஒரு முன்மொழிவுக் கடிதத்தை நம்பி 20 மாதங்கள்

சின்னாளபட்டியில் நாங்கள் நடத்தும் சுங்குடிச் சேலைக் கடைக்கு, 20 மாதங்களுக்கு முன் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஓர் இளைஞர் இரண்டு பக்க முன்மொழிவுக் கடிதம் கொடுத்தார். மாதம் 6,500 ரூபாய்க்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 16 பதிவுகள், கூகுளில் உள்ள எங்கள் கடைப் பக்கத்தில் 4 பதிவுகள், எல்லாம் முன்கூட்டியே நேரம் குறிக்கப்பட்டுத் தானாக வெளியாகும், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அறிக்கை வரும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சேவையை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அன்று கையொப்பமிட்ட கடிதம் இன்று அப்படியே இல்லை. மூன்று இடங்களில் திருத்தி எழுதியிருக்கிறோம். இப்படிப்பட்ட கடிதம் கையில் வரும் மற்றக் கடைக்காரர்களுக்கு அந்தத் திருத்தங்களின் காரணம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் திருத்தம் ‘தானாக’ என்ற சொல்லைப் பற்றியது. மாதத் தொடக்கத்தில் அவர் கடைக்கு வந்து ஒரு பகல் முழுவதும் சேலைகளைப் படம் எடுப்பார். அந்தப் படங்கள் அடுத்த நான்கு வாரங்களுக்கும் நாள்வாரியாக அடுக்கப்பட்டுவிடும். மெழுகு அச்சுச் சேலைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தியது, ஏனென்றால் ஒரே வடிவத்தில் 20, 30 சேலைகள் இருப்பில் இருக்கும். கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சேலையோ ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது. இரண்டாம் மாதம் 18ஆம் தேதி வெளியான அரக்கு நிறச் சேலை 6ஆம் தேதியே விற்றுப்போயிருந்தது. அன்று மாலைக்குள் 11 பேர் அதைக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொன்னேன். வேறு சேலைகளின் படங்களை அனுப்பியபோது இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள். தூரத்து ஊரிலிருந்து முதன்முறையாகக் கேட்பவரிடம் ‘அது இல்லை’ என்று தொடங்கினால், படத்தைக் காட்டி ஆளை இழுத்துவிட்டு வேறு சரக்கைத் தள்ளுகிறோம் என்றே அவர் நினைக்கிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். குறைந்தது 10 சேலைகள் இருப்பில் உள்ள வடிவங்களை மட்டுமே முன்கூட்டி அடுக்க வேண்டும். ஒற்றைச் சேலைகளை என் மகள் அன்றன்று படமெடுத்துத் தன் கையால் பதிவிடுவாள், விற்றதும் அந்தப் பதிவில் குறிப்பிட்டுவிடுவாள். இதோடு, கடையில் எதிர்பாராத நிகழ்வு ஏதேனும் நடந்தால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே எல்லாப் பதிவுகளையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன். என் அண்ணன் இறந்த மறுநாள் காலையில் தள்ளுபடிப் பதிவு ஒன்று தானாக வெளியானது இன்னும் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவது திருத்தம் கணக்கின் உரிமை பற்றியது. முதல் கடிதத்தில் எங்கள் ஃபேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தார். அதைக் கொடுக்கத் தேவையில்லை. பக்கத்தின் உரிமையாளராக நாமே இருந்துகொண்டு, பதிவிடவும் எண்ணிக்கைகளைப் பார்க்கவும் மட்டும் அவருக்கு அனுமதி வழங்கும் வசதி அங்கேயே இருக்கிறது. அவ்வாறே செய்தோம். ஆனால் அவருடைய பதிவேற்றும் செயலி என் கணக்கின் வழியாக இணைக்கப்பட்டிருந்தது. நான்காம் மாதத்தில் என் மகன் பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லை மாற்றியபோது அந்த இணைப்பு அறுந்துவிட்டது. கடவுச்சொல் மாறினால், வெளிச் செயலிகளுக்கு முன்பு கொடுத்த அனுமதியை ஃபேஸ்புக் செல்லாததாக்கிவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. செயலிக்குள் ‘தோல்வி’ என்ற குறிப்பு வந்துகொண்டே இருந்தது, ஆனால் எல்லாம் தானாக நடக்கிறது என்ற நம்பிக்கையில் ஒருவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. 11 நாட்கள் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த மாதத்துக்கு வந்த அறிக்கையோ, திட்டமிட்ட பதிவுகள் 16 என்றுதான் சொன்னது. வெளியானவை எத்தனை என்று சொல்லவில்லை.

இப்போது அறிக்கையின் முதல் வரியில் வெளியான பதிவுகளின் எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். தோல்வியுற்றதை அன்றே தெரிவிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கழிக்கப்படும். நானும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்துவிடுகிறேன். அரை நிமிட வேலைதான்.

மூன்றாவது திருத்தம்தான் எனக்கு மிகவும் முக்கியமானது. முதல் அரையாண்டு முழுவதும் அறிக்கையில் ‘சென்றடைந்தோர்’ என்ற எண்தான் பெரிய எழுத்தில் வந்தது. ஒரு மாதம் சாயம் தோய்க்கும் காணொளி ஒன்று மட்டும் 38,000 பேரைச் சென்றடைந்திருந்தது. அதைப் பார்த்துச் சேலை கேட்டு வந்தவர்கள் 4 பேர். அந்த எண் பொய்யில்லை, ஆனால் திரையில் ஒரு முறை கடந்துபோனவரையும் அது கணக்கில் சேர்க்கிறது. வாடகையையும் நெசவாளர் பாக்கியையும் அந்த எண்ணைக் கொண்டு கட்ட முடியாது.

அவரிடம் பேசி, ஒவ்வொரு சேலை வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்தோம். ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் வரும் பதிவில், அந்த எண்ணை முன்பே நிரப்பி வைத்த வாட்ஸ்அப் இணைப்பு இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SU214
```

இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் இணைப்பை அழுத்த முடியாது என்பதால், எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பும்படி கேட்கிறோம். வந்த செய்தியில் எண் இருந்தால் அது பதிவின் வழியாக வந்த விசாரிப்பு. விற்றால் மகள் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே குறித்துவிடுவாள்.

சென்ற சித்திரை மாதக் கணக்கைச் சொல்கிறேன். எண்ணுடன் வந்த விசாரிப்புகள் 63, விற்றவை 22 சேலைகள், வாங்கியவர்களும் 22 பேர். சராசரி விலை 950 ரூபாய், ஆக விற்பனை 20,900 ரூபாய். எங்களுக்கு நிற்பது கால் பங்கு, அதாவது 5,225 ரூபாய். கொடுத்த கட்டணம் 6,500. அந்த மாதத்தை மட்டும் பார்த்தால் 1,275 ரூபாய் நட்டம். ஆனால் அந்த 22 பேரில் 7 பேர் அடுத்த மூன்று மாதங்களுக்குள் திரும்பி வந்து 11 சேலைகள் வாங்கினார்கள். அதில் ஏறத்தாழ 2,600 ரூபாய் நின்றது. அதையும் சேர்த்த பிறகுதான் செலவு போக 1,300 ரூபாய் மிஞ்சியது. பருத்திச் சேலைக்கு நல்ல விற்பனை நடக்கும் கோடையிலேயே இவ்வளவுதான் என்றால், மழைக்காலத்தில் இது கட்டாது என்பது தெளிவாகிவிட்டது.

நேரம் குறித்துப் பதிவிடும் வசதியை, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே இலவசமாகத் தருகிறது என்பதையும் இதற்குள் அறிந்துகொண்டேன். இதைக் கடிதம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படியானால் நான் எதற்குப் பணம் கொடுக்கிறேன் என்று யோசித்தேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கும், பிழையில்லாத வாசகத்துக்கும், மாதம் தவறாமல் ஒருவர் இதைக் கவனிப்பதற்கும் என்று விடை வந்தது. கடை வேலைக்கு நடுவே இவற்றை நாங்கள் ஒழுங்காகச் செய்யமாட்டோம் என்பதால் நிறுத்திவிட மனம் இல்லை.

எனவே மாசி முதல் ஆடி வரை 16 பதிவுகள், 6,500 ரூபாய். ஆவணி முதல் தை வரை 8 பதிவுகள், 4,000 ரூபாய், தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் முழுத் தொகுப்பு என்று கடிதத்தை மாற்றி எழுதினோம். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அறிக்கை இப்போது ஒரே பக்கம்: வெளியான பதிவுகள், எண்ணுடன் வந்த விசாரிப்புகள், கூகுள் பக்கத்திலிருந்து வந்த அழைப்புகள், வழி கேட்டவர்கள். விற்பனைப் பத்தியை அவர் காலியாக விட்டு அனுப்புகிறார். நோட்டைப் பார்த்து அதை மகள் நிரப்புகிறாள்.