கல்யாணத் தலை அலங்காரம்: காரைக்குடிப் பக்கம் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படிங்க

தங்கச்சி கல்யாணத்துக்குக் காரைக்குடியில் ஒரு பார்லரில் 'பிரைடல் பேக்கேஜ்' பேசினோம். பெயர் போடவில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்த பார்லரிலும் நடக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன். நான் பிளவுஸ் தைக்கிறவள், அதனால் எதையும் அளவு நாடாவோடுதான் பார்ப்பேன்.

தங்கச்சி 4 அடி 11 அங்குலம். சிறுகூடான உடம்பு, குட்டைக் கழுத்து. முகூர்த்தத்தன்று அவளுக்குச் செய்தது: உச்சியில் இரண்டரை அங்குலம் தூக்கிய பஃப், பிடரியில் பெரிய டோனட் வைத்த கொண்டை, அதற்குக் கீழே முழங்காலைத் தொடும் சவுரி ஜடை. ஆல்பத்தில் இதே அலங்காரம் அழகாகத்தான் இருந்தது. அதில் இருந்த பெண்கள் எல்லாருமே இடுப்புக்கு மேலேதான் படத்தில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உச்சி முதல் தாடை வரை தங்கச்சியின் தலை 8.25 அங்குலம். உயரத்தை அதால் வகுத்தால் ஏழு தலைக்குச் சற்று மேல். பஃப் ஏறியதும் தலை 10.75 ஆகிவிட்டது, மொத்த உயரம் 61.5. இப்போது வகுத்தால் ஆறு தலைகூட வரவில்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்பு வாகுதான் இப்படி இருக்கும். உயரமாகக் காட்ட வைத்த பஃப் அவளை இன்னும் குள்ளமாக்கிவிட்டது. அதே பஃப் 5 அடி 7 அங்குலம் இருக்கிற எங்கள் சித்தி மகளுக்கு வைத்தால் ஆறு தலைக்கு மேலேயே நிற்கும், உறுத்தாது. பெரியவர்களுக்குள் உயரம் வேறுபடுகிற அளவுக்குத் தலை வேறுபடுவதில்லை. அதனால் ஒரே பஃப் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது.

கழுத்து விஷயம் இதைவிட மோசம். ட்ரையலன்று சுடிதாரில், வெறுங்கழுத்தோடு உட்கார வைத்துப் பார்த்தார்கள். கல்யாணத்தன்று கழுத்தில் அட்டிகை, கழுத்திரு, தோளில் தடித்த மாலை. முன்னால் தெரிந்த கொஞ்சம் கழுத்தையும் மாலை விழுங்கியது, பின்னால் மிச்சத்தைக் கொண்டை அடைத்தது. பக்கவாட்டுப் படங்களில் தலை நேரே தோளில் வைத்த மாதிரி இருக்கிறது. திருப்பூட்டும்போது பின்னால் நின்ற அப்பத்தா, "என்னடி, பிள்ளை தோளத் தூக்கிக்கிட்டே உக்காந்திருக்கா?" என்று கேட்டார்கள். அவள் தூக்கவே இல்லை.

அப்புறம் அந்தச் சவுரி. நீளத்துக்கு ஏற்ப விலை, அதனால் நீளமானதையே தலையில் கட்டப் பார்க்கிறார்கள். குள்ளமானவர்களுக்கு ஜடை முழங்கால் வரை போனால், பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகும் காலும் ஒரே கோடாகிவிடும், இடுப்பு எங்கே என்றே தெரியாது. பூவும் ஜடை வில்லையும் ஏறிய பாரத்தில் ஊசி இழுத்து, மதியத்துக்குள் அவளுக்குத் தலைவலி.

காலையிலேயே குறைக்கச் சொன்னோம். "பேக்கேஜ்ல இதுதான் வரும், ஸ்பிரே அடிச்சாச்சு, இனிப் பிரிக்க முடியாது" என்றார் அந்தம்மா. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கும்போது யார் சண்டை போடுவது?

மாலை வரவேற்புக்கு அத்தை எல்லாவற்றையும் பிரித்து, எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து, மறுபடி செய்தார்கள். உச்சி முடியை லேசாக மட்டும் தூக்கி, கொண்டையைப் பிடரியிலிருந்து காதின் மேல்நுனி மட்டத்துக்கு ஏற்றினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் பூச்சரம் காதுக்கு வெளியே பெரிதாகத் தள்ளாதபடி சின்னதாகச் சுற்றினார்கள். முக்கியமாக, மாலையைப் போட்டுவிட்டுத்தான் கொண்டையின் இடத்தை முடிவு செய்தார்கள். காதுமடலுக்குக் கீழே, மாலைக்கு மேலே மூன்று விரல் அகலம் கழுத்து தெரிந்தது. சவுரி இல்லவே இல்லை.

எல்லாருக்கும் சின்னக் கொண்டைதான் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அகன்ற தோளும் பருத்த உடம்பும் உள்ளவர்களுக்கு இறுக்கிச் சீவிச் சின்ன முடிச்சுப் போட்டால் தோள் இன்னும் அகலமாகத் தெரியும், அவர்களுக்குக் கொண்டை கொஞ்சம் பெரிதாகத்தான் வேண்டும். நீண்ட கழுத்துக்காரர்களுக்குப் பிடரிக் கொண்டை பொருந்தும், உச்சிக்கு ஏற்றினால் கழுத்து இன்னும் நீளும். கழுத்து நீளம், உடம்பு அகலம் இரண்டும் வேறு வேறு கணக்கு. அந்த பார்லரில் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு இலவச ஃபேஷியல் தருகிறேன் என்றார்கள். போகவில்லை. நீங்கள் பேசப் போனால், உங்கள் உயரத்தில் உள்ள மணப்பெண்ணின் தலை முதல் கால் வரையான படத்தைக் கேளுங்கள், பின்பக்கப் படமும் சேர்த்து. ட்ரையலுக்குக் கல்யாண பிளவுஸ், அட்டிகை, சுருட்டிய துண்டு ஒன்று கொண்டுபோங்கள். துண்டை மாலை மாதிரி தோளில் போட்டு, பத்தடி தள்ளி நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து முன், பக்கம், பின் மூன்றும் எடுங்கள். கிட்டே, மேலேயிருந்து எடுத்தால் தலை பெருத்து உடம்பு சிறுத்துத் தெரியும், எதையும் தீர்மானிக்க முடியாது. சவுரியின் நீளத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் கடைசியில் அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள்.