கருப்பு டியூபா, கலந்தெடுத்த கருப்பா? சொம்பு, வாழைப்பழம், வெள்ளை வேட்டிக்கு ஒரு ஒப்பீடு

மேசையில் மடிப்பு விழ விரித்த வெள்ளை வேட்டி. அதன் மேல் ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் பழுத்த பூவன் பழம் நான்கு. இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். ஸ்டில் லைஃப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அடுக்குவார்கள். இந்த அடுக்கில் நிழல் மூன்று வகை: மஞ்சள் பழத்தின் நிழல், வெள்ளைத் துணியின் நிழல், பளபளக்கும் உலோகத்தின் நிழல். மூன்றுக்கும் ஒரே கருப்பு டியூபைத் தொட்டால் எங்கே கெடுகிறது, எங்கே கெடுவதில்லை என்று இந்த அடுக்கை வைத்தே பார்க்கலாம். இங்கே சொல்வது அக்ரிலிக்குக்கு. நிறங்களின் நடத்தை எண்ணெய் வண்ணத்திலும் ஏறக்குறைய இதேதான்.

ஒப்பிடப்போவது மூன்று வழிகள். முதலாவது, டியூபிலிருந்து நேராகக் கருப்பு. இரண்டாவது, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்து எடுக்கும் இருள். மூன்றாவது, அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா சேர்த்து வரும் சாம்பல். கறாராகப் பார்த்தால் பர்ன்ட் சியன்னா அடிப்படை நிறம் இல்லை. ஆனால் அது அடர் ஆரஞ்சு, அதாவது சிவப்பும் மஞ்சளும் முன்பே சேர்ந்த மண் நிறம். அதனால் மூன்றாவது வழியும் இரண்டாவதன் உறவுதான்.

பழத்தில் தொடங்குவோம், கருப்பின் குறை அங்கேதான் முதலில் கண்ணில் படும். லெமன் மஞ்சளில் ஒரு துளி கருப்பைச் சேர்த்துப் பாருங்கள். இருண்ட மஞ்சள் வராது, பாசிப்பச்சை வரும். காரணம் இரண்டு. லாம்ப் பிளாக்கும் ஐவரி பிளாக்கும் வெளிர் நிறத்தோடு சேரும்போது லேசான நீலச் சாயல் காட்டும், நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சைதானே. இன்னொன்று நம் கண்ணைச் சேர்ந்தது. வெளிச்சம் குறைந்த மஞ்சளைக் கண் பச்சைப் பக்கமாகவே வாசிக்கும். ஆகவே நீலச் சாயல் குறைந்த மார்ஸ் பிளாக்கை எடுத்தாலும் பழம் பாதி காயாகத்தான் தெரியும்.

பழத்தின் நிழலுக்குத் தேவை, மஞ்சளை இருட்டாக்கும்போதே அதை ஆரஞ்சுப் பக்கம் தள்ளும் நிறம். ஊதா அதைச் செய்யும். அல்ட்ராமரின் ஒரு பங்கு, கிரிம்சன் ஒரு பங்கு கலந்து தனியாக ஓர் ஊதாக் குவியல் வையுங்கள். நடுத்தர மஞ்சளைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, அதில் இந்த ஊதாவைக் கடுகு கடுகாகச் சேருங்கள். ஊதாவை முதலில் வைத்து அதில் மஞ்சளைக் கொட்டக் கூடாது. மஞ்சளின் வீரியம் குறைவு, ஊதாவை அடக்க டியூபில் பாதி போய்விடும். முதல் கடுகில் மஞ்சளின் பளிச்சென்ற கூர்மை போகும். இரண்டு மூன்று கடுகில் தேன் நிறம் வரும், பழத்தின் வளைவு திரும்பும் இடத்துக்கு அது போதும். ஐந்தாறு சேர்ந்தால் பழுத்த பழத்தின் அடிப்பக்கப் பழுப்பு. கலவை பச்சையாகத் தெரிந்தால் கிரிம்சன் ஒரு முனை, செங்கல் நிறமாகத் தெரிந்தால் அல்ட்ராமரின் ஒரு முனை. காம்பின் கருத்த நுனிக்கும் இதே கலவையில் ஊதாவைக் கூட்டினால் போதும், வேறு டியூப் வேண்டியதில்லை. பழத்தில் உள்ள எல்லாப் பழுப்பும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருப்பதால்தான் பழம் ஒரே பொருளாக நிற்கிறது. பழத்தைப் பொறுத்தவரை மூன்று அடிப்படை நிறங்களின் வழிக்குப் போட்டியே இல்லை.

இந்த வழியில் கெடுவது எது? பெரும்பாலும் டியூப்தான். மாணவர் தர வண்ணங்களில் ஒரே டியூபுக்குள் இரண்டு மூன்று நிறமிகள் இருக்கலாம். மூன்று டியூப் கலந்ததாக நீங்கள் நினைக்க, பெலட்டில் ஆறு நிறமி கலந்திருக்கும், சேறு மாதிரி ஒரு நிறம் வரும். டியூபின் பின்பக்கத்தில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் பாருங்கள். அல்ட்ராமரினுக்கு PB29, பர்ன்ட் சியன்னாவுக்கு PBr7 அல்லது PR101 என்று ஒற்றைக் குறியீடு மட்டும் இருப்பது நல்லது. இன்னொரு சிக்கல் மூடுதிறன். ஒளி ஊடுருவாத மஞ்சளைச் சேர்த்தால் கருப்புக்குப் பக்கத்தில் வரவேண்டிய இருள் மோர் ஊற்றியது போல வெளுக்கும். ஆழ்ந்த இருள் வேண்டுமென்றால் மூன்றுமே ஒளி ஊடுருவும் நிறங்களாக இருக்க வேண்டும். நீலத்தில் தாலோ நீலம் மட்டும் கையிலிருந்தால், அல்ட்ராமரினுக்குச் சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள். அதன் வீரியம் மிக அதிகம், பச்சைச் சாயலும் உண்டு. அதனால் கிரிம்சன் கூடுதலாகக் கேட்கும்.

இப்போது வேட்டி. மூன்று அடிப்படை நிறங்களின் வழி இங்கே தடுமாறுகிறது. பழத்தின் நிழலில் நிறம் கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலும் அது மஞ்சளின் வீட்டுக்குள்தான் இருக்கும். வெள்ளைத் துணியின் சாம்பலோ, மூன்றில் எது ஒரு முனை கூடினாலும் உடனே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிந்துவிடும். ஒரு மடிப்புக்குக் கலந்த சாம்பல் அடுத்த மடிப்புக்கு மறுபடி வராது. சென்னை வெயில் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே பெலட்டில் அக்ரிலிக் சில நிமிடங்களிலேயே தோல் கட்டும், ஆகவே மறுபடி மறுபடி கலக்க வேண்டியிருக்கும். கருப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை, எத்தனை முறை கலந்தாலும் அதேதான். ஆனால் அது எல்லா மடிப்பிலும் அதே சாம்பல். வேட்டி சிமென்ட் பூசியது போல ஆகிவிடும்.

அல்ட்ராமரின், சியன்னா ஜோடி வெல்வது இங்கே. இரண்டே நிறம், அதனால் கலவை ஒரே கோட்டில்தான் நகரும்: ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பழுப்பு. பச்சைக்கோ ஊதாவுக்கோ வழி தவறிப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. பாதிக்குப் பாதி என்று தொடங்கலாம், ஆனால் டியூபுக்கு டியூப் வீரியம் மாறும் என்பதால் அளவை நம்பாமல் வெள்ளையில் சோதிக்க வேண்டும். வெள்ளை சேராத கலவை எப்படி இருந்தாலும் கண்ணுக்குக் கருப்பாகவே தெரியும், அதன் சாயலைச் சொல்லவே முடியாது. கத்தி முனையில் கொஞ்சம் எடுத்து ஐந்து மடங்கு டைட்டானியம் வெள்ளையில் இழுத்துப் பாருங்கள். நீலமாகத் தெரிந்தால் சியன்னா, பழுப்பாகத் தெரிந்தால் அல்ட்ராமரின். இரண்டும் இல்லாத நடுச் சாம்பல் வந்ததும் அந்த இருளை ஒரு குவியலாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் நீலம் சாய்ந்த குவியல் ஒன்றும் பழுப்பு சாய்ந்த குவியல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி முழுவதையும் இந்த மூன்று குவியலும் வெள்ளையும் முடித்துவிடும்.

எந்த மடிப்புக்கு எந்தக் குவியல்? வெளிச்சம் சூடாக இருந்தால் நிழல் குளிர்ச்சி, வெளிச்சம் குளிர்ச்சியாக இருந்தால் நிழல் சூடு என்பது பொது விதி. ஐரோப்பியப் பாடங்கள் வடக்கு ஜன்னலைச் சொல்வது, அங்கே நாளெல்லாம் நேர் வெயில் படாமல் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் வரும் என்பதால். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாவது வாரம் வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் விழும். காலை ஏழரை மணி வெயிலில் நீலமாகத் தெரிந்த வேட்டி நிழல், பத்தரை மணிக்கு வெயில் விலகி வான வெளிச்சம் மட்டும் இருக்கும்போது பழுப்புப் பக்கம் திரும்பியிருக்கும். கலவையில் தப்பு என்று நினைத்துத் திருத்திக்கொண்டே போனால் படத்தில் இரண்டு நேரம் கலந்துவிடும். ஒரு நேரத்தைத் தேர்ந்து, மறுநாளும் அதே நேரத்தில் உட்காருவதுதான் வழி. விதிக்கு அடங்காத இடம் ஒன்று உண்டு: சொம்புக்கும் பழத்துக்கும் ஒட்டிய துணி. அங்கே மஞ்சள் வெளிச்சம் திருப்பி அடிக்கும், அதனால் எந்த நேரமானாலும் அந்த நிழலில் தேன் கலவையில் ஒரு கடுகு சேரும்.

இன்னொரு எச்சரிக்கை. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும், ஈரத்தில் பால் போல இருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால். வெளிர் சாம்பலில் இது நன்றாகவே தெரியும். ஆகவே துண்டுக் காகிதத்தில் ஒரு தீற்றல் போட்டு, காய்ந்த பிறகு பார்த்தே வேட்டியில் வையுங்கள். நிறம் சரியாக இருந்தும் நிழல் தட்டையாகத் தெரிந்தால், அடுக்கையும் படத்தையும் செல்போனில் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். பிசகு பெரும்பாலும் நிறத்தில் இருக்காது, வெளிச்ச அளவில் இருக்கும்.

மூன்றாவது, சொம்பு. இங்கே கருப்பு டியூபை ஒதுக்கச் சொல்கிறவர்களோடு ஒத்துப்போக முடியாது. பழத்தைக் கெடுத்த அதே பாசிப்பச்சை, பித்தளைக்குச் சொந்த நிறம். பித்தளையின் வளைவில் அறையின் இருட்டு பிரதிபலிக்கும் இடங்களை உற்றுப் பாருங்கள், அவை பச்சை கலந்த பழுப்புதான். நடுத்தர மஞ்சள் நான்கு பங்கில் கருப்பை முனை முனையாகச் சேர்த்து, பாசி நிறம் வந்ததும் பர்ன்ட் சியன்னா கொஞ்சம் சேர்த்தால் அந்த நிறம் கைக்கு வந்துவிடும். ஊதாவை வைத்து இதே இடத்துக்கு வரலாம், ஆனால் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், பித்தளை செம்பாகச் சிவந்துபோகும் அபாயமும் உண்டு. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் பெலட்டில் கருப்பு, வெள்ளை, காவி மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு என நான்கே நிறங்கள். நீலமே இல்லாத அந்தப் பெலட்டில் நீலத்தின் வேலையைச் செய்வது கருப்புதான். கருப்பை இருட்டாக்கும் பொருளாக நினைக்காமல் மங்கிய நீலமாக நினைத்தால், அதை எங்கே தொடலாம் எங்கே தொடக் கூடாது என்பது தானாகவே விளங்கும்.

சொம்பின் வாய்க்குள் தெரியும் இருளில் மட்டும் டியூப் கருப்பைத் தனியாக வைக்க வேண்டாம். அதில் பாதியளவு சியன்னா சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் படத்தில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். சொம்பின் அடி துணியைத் தொடும் மெல்லிய கோட்டுக்கு வெள்ளை சேராத அல்ட்ராமரின்–சியன்னா இருள் வேண்டும். அங்கிருந்து விலக விலக வெள்ளையைக் கூட்டி ஓரத்தை ஈரத்தூரிகையால் மழுக்குங்கள். மிச்சமாகும் மூன்று குவியலையும் ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு வைத்து, மூடி போட்டால் மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே சாம்பல் காத்திருக்கும்.