மூன்றாவது ஃபில்டரும் போச்சு: வடை எண்ணெய் பயோடீசலில் இரண்டு வருடம்

போன வாரம் ஊட்டியில் வேனுக்கு மூன்றாவது டீசல் ஃபில்டர் மாற்றினேன். அன்றைக்குப் பார்த்து மச்சான் போன் போட்டு, "நானும் பயோடீசலுக்கு மாறட்டுமா?" என்று கேட்கிறான். அவனிடம் கத்தியதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

என் வேன் பழசு, மெக்கானிக்கல் பம்ப். ஓட்டல்களில் பொரித்துக் கழித்த எண்ணெயில் செய்த பயோடீசலை எதுவும் கலக்காமல் ஊற்றுகிறேன். முன்பு பர்லியார் ஏற்றத்தில் பின்னால் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள், அவ்வளவு கரும்புகை. இப்போது சைலன்சர் பக்கம் லேசாக வடைச்சட்டி வாசம்தான். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். சாதா டீசலில் அது கிடையாது. எரியும்போது அந்த ஆக்சிஜன் கூடவே இருப்பதால் கரி குறைகிறது. அதற்காகச் சுத்தமோ சுத்தம் என்று சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் கூடும். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் எரிகிற சரக்கு குறைவு, அதனால் வெப்பமும் குறைவு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11தான் கொடுக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஃபில்டர்தான் பொறுக்கவில்லை. முதல் இரண்டும் ஆரம்பத்திலேயே அடைத்தன. பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த டீசல் கசடைக் கரைத்துக் கொண்டுவந்து, தார் மாதிரி கருப்பாக ஃபில்டரில் அப்பியது. டேங்க் சுத்தமானதும் அது நின்றுவிட்டது.

மூன்றாவது கதை வேறு. ராத்திரி ஊட்டிப் பனியில் நிறுத்தினேன். காலையில் ஸ்டார்ட் ஆகி, நூறடி போய் அணைந்தது. கழற்றினால் உள்ளே மார்கழித் தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாக உறைந்திருக்கிறது. ஓட்டல்காரர்கள் பொரிப்பது பாமாயிலில். அதில் செய்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே மங்கத் தொடங்கிவிடும். மெக்கானிக் சொன்னாரென்று புதுசு வாங்கி மாட்டினேன். கழற்றியதை வெயிலில் வைத்திருந்தேன், பத்து மணிக்கு எல்லாம் உருகி வடிந்துவிட்டது! கருப்பென்றால் மாற்று, வெள்ளையென்றால் காத்திரு என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இப்போது புது பீப்பாய் வந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கிறேன். தனியாக வைத்தது நெய்யாக நின்றது. சாதா டீசலில் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தது மங்கலாக இருந்தாலும் வழிந்தது. குளிர் முடியும்வரை அந்தக் கலப்புதான்.

மச்சானின் வண்டி பிஎஸ் 6. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய அது டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பயோடீசல் எளிதில் ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தானாக ஏறியிருந்தால் அதுதான். அவனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் இந்தச் சனியன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனக்கு அடுத்த பீப்பாய் வியாழக்கிழமை வருகிறது.